குடிபோகும் நாளின் படங்கள், காலி செய்யும் நாளின் கணக்கு

மூன்று ஆண்டு குடியிருந்த வீட்டைக் காலி செய்யும் நாள். குளியலறைத் தரையில் ஒரு டைல்ஸ் குறுக்கே விரிசல் விட்டிருப்பதை வீட்டுக்காரர் பார்க்கிறார். "நீங்க வரும்போது இது இல்லையே" என்கிறார். "இல்ல சார், நாங்க வந்த அன்னைக்கே இருந்தது" என்கிறார் குடியிருந்தவர். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எண்ண வேண்டியதில்லை. வீட்டுக்காரரின் மனத்தில் இருப்பது டைல்ஸ் பதித்து முடித்த புது வீடு. அதற்குப் பிறகு இரண்டு குடித்தனங்கள் வந்து போனதில் எந்த டைல்ஸ் எப்போது உடைந்தது என்பது அவருக்கே தெரியாது. குடியிருந்தவருக்கோ, வந்த அன்று எங்கேயோ ஒரு விரிசலைப் பார்த்த ஞாபகம் மட்டும்தான். இப்படி இரண்டு ஞாபகங்கள் மோதும்போது, அட்வான்ஸ் பணம் யார் கையில் இருக்கிறதோ அவருடைய ஞாபகமே கணக்காகிவிடுகிறது.

அட்வான்ஸ் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. இதைத் தீர்க்கும் வழி வாடகை ஒப்பந்தத்தின் கடினமான வாசகங்களில் இல்லை. வீடு காலியாக இருந்த அந்த ஒரு நாளில் எழுதிய பட்டியலிலும், எடுத்த படங்களிலும், அவற்றை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பி வைத்ததிலும் இருக்கிறது.

சட்டம் எதை அளவுகோலாக வைக்கிறது?

குத்தகைக்கு வந்தவர் சொத்தை எந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்பதை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 108-ஆவது பிரிவில் சொல்கிறது. தன் கைக்கு வந்தபோது இருந்த அதே நல்ல நிலையில் தர வேண்டும். நியாயமான தேய்மானத்தாலும், மனிதரால் தடுக்க முடியாத சக்திகளாலும் வந்த மாற்றங்களுக்கு அவர் பொறுப்பில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டமும் (2017-இல் இயற்றப்பட்டது) இதே அடிப்படையில்தான் நிற்கிறது. குடித்தனம் தொடங்கியபோது வீடு எப்படி இருந்ததோ, வழக்கமான தேய்மானம் போக, அதே நிலையில் அது இருக்க வேண்டும்.

இரண்டு சட்டங்களும் அளவுகோலாக எடுத்துக்கொள்வது கைக்கு வந்த நாளில் வீடு இருந்த நிலையைத்தான். புது வீடாகக் கட்டியபோது இருந்த நிலையை அவை கேட்கவில்லை. அடுத்து வருபவருக்குப் பிடிக்கும்படி வீடு இருக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த முதல் நாள் நிலை எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், நம் பக்கம் இருக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டும் எதையும் அளக்க முடியாது.

அதே தமிழ்நாட்டுச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. இன்றும் மூன்று மாதத்துக்கு மேல் கேட்பவர்கள் உண்டு. தொகை பெரிதாக ஆக, அந்தப் "பாக்கி" என்ற சொல்லுக்குள் எதெல்லாம் அடங்கும் என்ற கேள்வியும் பெரிதாகிறது.

பழுதுகளை யார் பார்க்க வேண்டும் என்பதற்கும் அந்தச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. குடியிருப்பவரால் வந்த சேதம் தவிர மற்றக் கட்டுமானப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், மின் வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், தண்ணீர்த் திறப்பு, சுவிட்ச், பிளக், கழிவறை மற்றும் கைகழுவும் தொட்டிப் பழுது, கீசர், தாழ்ப்பாள், பூட்டு, சன்னல் கண்ணாடி, கொசு வலை போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் எதை அதிகக் கவனத்துடன் படம் எடுக்க வேண்டும் என்பது தெரியும். நம் பொறுப்பில் வரும் பொருள்கள்தான் நம் பணத்தைத் தின்னக் கூடியவை. வந்த நாளிலேயே ஓடாத கீசரும் கிழிந்த கொசு வலையும் பதிவாகாவிட்டால், அவை நாம் கெடுத்தவையாகவே கணக்கில் ஏறும்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் போதாது

"அக்ரிமென்டிலேயே லிஸ்ட் இருக்கிறதே" என்று பலர் நினைப்பதுண்டு. முத்திரைத்தாள் ஒப்பந்தத்தின் கடைசியில் வீட்டிலுள்ள பொருள்களைக் குறித்திருப்பார்கள்: சீலிங் ஃபேன் 4, டியூப் லைட் 6, கீசர் 1, எக்சாஸ்ட் ஃபேன் 1, சாவி 2 செட். அந்தப் பட்டியல் எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது. நான்கு ஃபேன்களில் ஒன்று ரெகுலேட்டரில் வேகம் குறையாமல் சுற்றுகிறது என்பதையோ, கீசரின் அடியில் துருப்பிடித்து நீர் கசிகிறது என்பதையோ அது சொல்லாது. சுவர், தரை, கதவு, மேற்கூரை பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. பணம் பிடிக்கப்படுவதோ பெரும்பாலும் இவற்றுக்காகத்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "எல்லாப் பொருள்களும் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன" என்ற பொதுவான வாசகம் பல ஒப்பந்தங்களில் அச்சிட்டே வருகிறது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால், வந்த நாளிலேயே இருந்த பழுதுகளும் இல்லாதவை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். "இணைப்பில் கண்ட குறைகள் நீங்கலாக" என்ற சொற்களை அங்கே சேர்க்கச் சொல்லிக் கேட்பதும், நாம் எழுதிய நிலைப் பட்டியலை ஒப்பந்தத்தின் இணைப்பாக வைப்பதும்தான் சரியான வழி. ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதென்றால், சாவி வாங்கிய அன்றே தேதியிட்டு அனுப்பும் தனிப் பட்டியல் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டும்.

பால் காய்ச்சும் நாள்

படம் எடுக்க ஏற்ற நேரம் மிகக் குறுகியது. சாவி கைக்கு வந்த பிறகு, சாமான் இறங்குவதற்கு முன். நம் ஊர் வழக்கத்தில் அதற்கென்றே அமைந்தது போல ஒரு நாள் இருக்கிறது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, ஓரிரு நாள் கழித்துச் சாமான்களைக் கொண்டுவருவது பல குடும்பங்களின் வழக்கம். அடுப்பும் குத்துவிளக்கும் தவிர வீட்டில் எதுவும் இல்லாத அந்தக் காலைப் பொழுதில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு படுக்கையறை வீடு முழுவதையும் பதிவு செய்துவிடலாம். அன்று வீட்டுக்காரரோ அவர் வீட்டார் ஒருவரோ வந்திருப்பதும் உண்டு. அவர்களையும் கூடவே நடந்து பார்க்கச் சொல்லலாம். பீரோவும் கட்டிலும் வந்துவிட்டால் சுவரின் கீழ்ப்பகுதியும் மூலைகளும் மறைந்துவிடும். அதைவிட, சாமான் இறக்கும்போது தரையில் விழுந்த கீறல் முன்பே இருந்ததா அன்று விழுந்ததா என்ற சந்தேகமும் கிளம்பும்.

வாசற்கதவில் தொடங்க வேண்டும். கதவு எண் தெரியும்படி ஒரு படம். பிறகு உள்ளே போய், இடக்கைப் பக்கமாகவே ஒவ்வோர் அறையாகச் சுற்றி வர வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டால் காலி செய்யும் நாளிலும் அதே வரிசையில் எடுத்து ஒப்பிடலாம். ஒவ்வோர் அறையிலும் நான்கு மூலைகளிலிருந்து எதிர்ப்புறத்தைப் பார்த்து நான்கு படங்கள், தரைக்கு ஒன்று, மேற்கூரைக்கு ஒன்று. இவை அகலப் படங்கள்; எந்த அறை என்பதை அடையாளம் காட்டுவதே இவற்றின் வேலை.

குறை தென்பட்ட இடத்தில் இரண்டு படங்கள் தேவை. அந்தக் குறை அறையில் எங்கே இருக்கிறது என்று தெரியும் தொலைவிலிருந்து ஒன்று. பக்கத்தில் போய் ஒன்று. அருகில் எடுக்கும் படத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையோ அடிக்கோலையோ குறையின் பக்கத்தில் வைக்க வேண்டும். விரிசல் இரண்டு அங்குலமா இரண்டு அடியா என்பது நெருக்கமான படத்தில் தெரியாது. தனியாக எடுத்த விரிசல் படத்தைப் பார்த்து "இது எந்த வீட்டு விரிசலோ" என்று யாரும் சொல்லிவிட முடியும். தொலைவுப் படம் கூட இருந்தால் அந்தப் பேச்சு எழாது.

சுவரைப் பார்க்க ஒரு வழி உண்டு. அறை விளக்கை அணைத்து, மொபைலின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளங்கள் நிழலோடு எழுந்து தெரியும். ஓதம் ஏறிப் பொரிந்த பெயிண்ட், பட்டி பார்த்து மூடிய பழைய விரிசல், ஆணி பிடுங்கி அடைத்த இடம் எல்லாம் இப்படித் தெரியும். புதிதாகப் பெயிண்ட் அடித்த வீட்டில் இது இன்னும் அவசியம். ஓதம் ஏறும் சுவருக்கு மேல் புதுப் பூச்சு அடித்தால் ஒன்றிரண்டு மழைக்காலம் வரைதான் மறைந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தச் சுவர் பொரியும்போது பழி குடியிருப்பவர் மேல் விழும்.

பலர் எடுக்க மறக்கும் இடங்கள் சில உண்டு. சமையலறைத் தொட்டிக்குக் கீழேயுள்ள கப்போர்டின் உட்புறம். குளியலறைக் கதவின் அடிப்பாகம், அது தண்ணீர் பட்டு உப்பியிருக்கும். குளியலறை மேற்கூரை, மேல் வீட்டுக் கசிவு அங்கேதான் முதலில் கறையாகத் தெரியும். பரணின் உட்புறமும் மர அலமாரியின் பின்பக்கமும், கரையான் மண் அங்கேதான் ஏறியிருக்கும். உப்புத் தண்ணீர் வரும் பகுதிகளில் குழாய், ஷவர், டைல்ஸ் ஆகியவற்றின் மேல் படிந்த வெள்ளை உப்புக் கறையையும் விட்டுவிடக் கூடாது. போர் தண்ணீர் உள்ள வீட்டில் அந்தக் கறை வந்த நாளிலேயே எவ்வளவு இருந்தது என்பது பின்னால் பெரிய பேச்சாகும்.

இயங்கும் பொருள்களுக்குப் படம் பயன்படாது, வீடியோ வேண்டும். ஃபேனை எல்லா வேகத்திலும் ஓடவிட்டு, கீசரைப் போட்டு, ஃபிளஷ் டேங்கை அழுத்தி, ஒரு வாளித் தண்ணீரைக் குளியலறைத் தரையில் ஊற்றி அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பது வரை எடுக்கலாம். எடுக்கும்போதே எந்த அறை, எந்தப் பொருள் என்று வாயால் சொல்லிக்கொண்டே போவது நல்லது. ஒரே நீண்ட வீடியோவாக இல்லாமல் அறைக்கு ஒன்றாகச் சிறு வீடியோக்களாக எடுத்தால் அனுப்புவதும் தேடுவதும் எளிது. கடைசியாக மின் மீட்டர்: மீட்டர் எண்ணும் அன்றைய ரீடிங்கும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுவதால், முன்பு இருந்தவரின் யூனிட்டுகள் நம் முதல் பில்லில் கலந்து வரும். அந்த ஒரு படம் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

பட்டியல் எப்படி எழுத வேண்டும்?

படங்கள் மட்டும் நூறு இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அவற்றோடு சேர வேண்டும். நீளமாக எழுதத் தேவையில்லை. இடம், பொருள், நிலை, பட எண் என்ற நான்கும் இருந்தால் போதும். ஒரு மாதிரி:

- ஹால், மேற்குச் சுவர்: சன்னலுக்குக் கீழே தரையிலிருந்து சுமார் 2 அடி உயரம் ஓதம், பெயிண்ட் பொரிந்துள்ளது. படம் 7, 8.
- பொதுக் குளியலறை, தரை: வடிகாலுக்கு இடப்புறம் இரண்டாவது டைல்ஸ் குறுக்கே விரிசல். படம் 21, 22.
- சமையலறை, தொட்டியின் கீழ்க் கப்போர்டு: இரு கதவுகளும் சரியாக மூடுகின்றன, உப்பல் இல்லை. படம் 15.
- சிறு படுக்கையறை, சன்னல்: கண்ணாடியும் கொசு வலையும் நல்ல நிலை. படம் 31.
- மின் மீட்டர்: ரீடிங் படத்தில் உள்ளபடி. படம் 40.

நல்ல நிலையில் இருப்பதையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். குறைகளை மட்டும் எழுதிய பட்டியல் ஒருதலைப்பட்சமாகத் தெரியும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடத் தயங்குவார். நல்லதையும் எழுதினால் அது அவருக்கும் சான்றாகிறது. நாளைக்கு அந்தக் கண்ணாடி உடைந்தால் அவர் இதே பட்டியலைக் காட்டலாம். இருவருக்கும் பயன்படும் தாள் என்று புரிந்தால் தயக்கம் குறையும். "பழையது", "சுமார்" போன்ற சொற்களைத் தவிர்த்து, கண்ணால் பார்க்கும் விவரத்தை மட்டும் எழுத வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, இருவரும் தேதியோடு கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் சிறந்தது.

தேதியை உறுதி செய்வது எது?

படத்தின் மூலையில் தேதி அச்சாகும் செயலிகள் இருக்கின்றன. மொபைல் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் எடுத்த நாளும் நேரமும் உள்விவரமாகப் பதிவாகின்றன. இரண்டும் பயன் உள்ளவைதான். ஆனால் இரண்டுமே மொபைலின் கடிகாரத்தை நம்பி நிற்பவை. கடிகாரத்தை மாற்ற முடியும், படத்தின் மேல் எழுதிய தேதியையும் மாற்ற முடியும். அன்றைய செய்தித்தாளைப் படத்தில் வைப்பார்கள் சிலர். அந்தப் படம் அந்த நாளுக்கு முன் எடுக்கப்படவில்லை என்பதைத்தான் அது நிரூபிக்கும். பழைய செய்தித்தாளை ஓராண்டு கழித்துக்கூட வைத்து எடுக்க முடியுமே!

நமக்கு வேண்டிய சான்று இதற்கு நேர் எதிரானது. விரிசல் பின்னால் வந்ததில்லை, அந்த நாளிலேயே இருந்தது என்று காட்ட வேண்டும். அதற்குப் படம் அந்த நாளுக்குப் பின் எடுக்கப்பட்டிருக்க முடியாது என்பது தெரிய வேண்டும். அதைச் செய்வது அனுப்பிய தேதி. அன்றே வீட்டுக்காரரின் கைக்குப் போய்விட்ட படத்தைப் பின்னால் எடுத்தது என்று அவராலேயே சொல்ல முடியாது. அவருடைய மொபைலிலும் அது இருக்கிறது. ஆகவே படத்தை எடுத்து வைத்துக்கொள்வது பாதி வேலை. அன்றைக்கே அனுப்புவதில்தான் அது சான்றாகிறது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, உள்விவரத் தேதியும் நீங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போகும். மறையும் செய்திகள் என்ற வசதி அந்த உரையாடலில் இயங்கினால் அதை நிறுத்திவிட வேண்டும். மின்னஞ்சல் இருந்தால் அதிலும் ஒரு பிரதி அனுப்புவது நல்லது. மொபைல் மாறினாலும் தொலைந்தாலும் அது இருக்கும். உடன் எழுதும் செய்தி மரியாதையாகவும் சுருக்கமாகவும் இருக்கட்டும்: "வணக்கம் சார். இன்று சாவி வாங்கிக்கொண்டோம். வீடு இப்போது இருக்கும் நிலையைப் பட்டியலாகவும் படமாகவும் அனுப்பியிருக்கிறேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்." அவர் "ஓகே" என்று ஒரு சொல் எழுதினாலும் போதும். பதிலே வராவிட்டாலும், அனுப்பியதும் அவர் மறுக்காததும் பதிவில் இருக்கும்.

வழக்கு வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவின் பிரதியோடு ஒரு சான்றிதழும் தர வேண்டியிருக்கும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். நம் வேலை மூலக்கோப்புகளை வெட்டாமல், வண்ணம் திருத்தாமல், மேலே எதையும் எழுதாமல் அப்படியே வைத்திருப்பதுதான். வட்டம் போட்டுக் காட்ட வேண்டுமானால் இன்னொரு பிரதியில் போடலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கீழே வருவது எடுத்துக்காட்டுக்காக அமைத்த கணக்கு. வேளச்சேரி போன்ற பகுதியில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையாக 54,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு கழித்துக் காலி செய்யும்போது வீட்டுக்காரர் தரும் கணக்கு இது: வீடு முழுக்கப் பெயிண்டிங் 22,000, ஹால் சுவர் ஓதம் சரிசெய்ய 6,000, குளியலறை டைல்ஸ் 4,500, சமையலறைக் கப்போர்டு கதவுகள் 8,000, சன்னல் கண்ணாடியும் கொசு வலையும் 1,800, கடைசி மின்கட்டணம் 1,350. மொத்தம் 43,650 ரூபாய். கைக்கு வருவது 10,350 ரூபாய்.

முதல் நாள் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஹால் சுவரின் ஓதமும் டைல்ஸ் விரிசலும் மேலே கண்ட பட்டியலில் இருக்கின்றன. படங்களும் அன்றே அனுப்பப்பட்டவை. அந்த 10,500 ரூபாயும் நீங்குகிறது. சன்னல் கண்ணாடி வந்தபோது நன்றாக இருந்தது என்று நம் பட்டியலே சொல்கிறது. உடைந்தது நம் காலத்தில்தான். 1,800 ரூபாய் கொடுக்க வேண்டியதே. மின்கட்டணமும் மீட்டர் ரீடிங்கின்படி நம்முடையது.

கப்போர்டு சற்றுச் சிக்கலானது. வந்தபோது உப்பல் இல்லை என்று நாமே எழுதியிருக்கிறோம். ஆனால் இரண்டாம் ஆண்டில் சுவருக்குள் போகும் குழாய் கசிந்தபோது, படத்தோடு வீட்டுக்காரருக்கு அனுப்பிய செய்தியும், பிளம்பர் வர மூன்று வாரம் ஆனதும் அதே உரையாடலில் இருக்கின்றன. குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு. கசிவு நிற்கும்வரை கப்போர்டைக் காலி செய்து உலர வைக்காதது குடியிருந்தவரின் கவனக்குறைவு. இருவரும் பேசிப் பாதிப் பாதியாக, 4,000 ரூபாய் என்று முடிக்கிறார்கள். இடையில் வரும் ஒவ்வொரு பழுதையும் வந்த நாளிலேயே படத்தோடு தெரிவிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். முதல் நாள் பட்டியல் தனியாக நின்றிருந்தால் இந்த உருப்படியில் நமக்கு எதிராகவே பேசியிருக்கும்.

மீதி இருப்பது பெயிண்டிங். இந்த எடுத்துக்காட்டில் ஒப்பந்தம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூன்று ஆண்டில் வண்ணம் மங்குவதும், நாற்காலி உரசிய இடம் அழுக்காவதும், காலண்டர் மாட்டிய ஆணித்துளையும் வாழ்ந்த வீட்டின் வழக்கமான தேய்மானம். வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று அட்டவணையும் சொல்கிறது. ஆனால் சிறு படுக்கையறையின் ஒரு சுவர் முழுக்கக் குழந்தை கிரேயானால் வரைந்திருக்கிறது. முதல் நாள் படத்தில் அந்தச் சுவர் சுத்தமாக இருக்கிறது. அதைத் தேய்மானம் என்று சொல்ல முடியாது. அந்தச் சுவருக்கு மட்டும் 2,500 ரூபாய் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இப்போது கூட்டிப் பார்த்தால் கழிவு 4,000, 1,800, 1,350, 2,500 ஆக மொத்தம் 9,650 ரூபாய். கைக்கு வருவது 44,350 ரூபாய். 34,000 ரூபாய் வித்தியாசம். அந்தப் பணத்தைக் காத்ததில் படங்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு நம் தவறு என்று தெரிந்தவற்றை உடனே ஒப்புக்கொண்டதற்கும் உண்டு. கண்ணாடிக்கும் கிரேயான் சுவருக்கும் வாதாடாதவர் டைல்ஸைப் பற்றிச் சொல்வதை வீட்டுக்காரர் நம்புகிறார்.

படங்களால் முடியாதது

கையெழுத்திட்ட நிபந்தனையைப் படம் மாற்றாது. "காலி செய்யும்போது பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகை கழிக்கப்படும்" என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. அதை ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகு, சுவர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தப் பணத்தை வாதாடி மீட்பது கடினம். அதைப் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன். "புதிதாகப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் மட்டும்" என்றோ, "மூன்று ஆண்டுக்குள் காலி செய்தால் மட்டும்" என்றோ வரையறை கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத குறைகளையும் படம் காட்டாது. சுவருக்குள் இருக்கும் கசிவு முதல் மழையில்தான் வெளிப்படும். ஆகவே குடிவந்த பிறகு வரும் முதல் பெருமழை முடிந்ததும் மேற்கூரையையும் சுவர்களையும் மறுபடி சுற்றிப் பார்த்து, தெரிந்ததை அனுப்பி வைப்பது அவசியம்.

காலி செய்யும் நாளில் வேலை எளிது. சாமான் ஏற்றி, வீட்டைப் பெருக்கித் துடைத்த பிறகு, அதே வாசற்கதவில் தொடங்கி அதே வரிசையில், அதே மூலைகளிலிருந்து எடுக்க வேண்டும். கூடுமானவரை வீட்டுக்காரர் கூடவே நடக்கும்போது எடுப்பது நல்லது. மீட்டர் ரீடிங், ஒப்படைத்த சாவிகளின் படம், "இன்று சாவி ஒப்படைத்துவிட்டோம்" என்ற செய்தி ஆகிய மூன்றும் அன்றே போக வேண்டும். அட்வான்ஸ் திரும்ப வேண்டிய ஒரு மாதக் கணக்கு அந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. பிடித்தம் உண்டு என்றால் உருப்படி வாரியாக, பில்லோடு எழுத்தில் கேட்க வேண்டும். பேசித் தீராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அதற்கு மேல் வாடகை நீதிமன்றம் என்று வழி இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருந்தால் அங்கே நிற்பது எளிது.

ஏற்கெனவே குடியிருந்துகொண்டிருப்பவர்கள், முதல் நாளில் எதுவும் எடுக்கவில்லையே என்று விட்டுவிட வேண்டாம். முதலில் பழைய மொபைலிலும் கூகுள் போட்டோஸிலும் தேடிப் பாருங்கள். பால் காய்ச்சிய அன்று உறவினரோடு எடுத்த படங்களின் பின்னணியில் ஹால் சுவரும் தரையும் தெரியும். வீடு பார்க்க வந்தபோது தரகர் அனுப்பிய படங்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் இருக்கலாம். அவை வீட்டுக்காரர் தரப்பிலிருந்தே வந்தவை என்பதால் மதிப்பு அதிகம். பிறகு இன்றைய நிலையைப் படமெடுத்து, பட்டியலிட்டு, இன்றே அனுப்புங்கள். வந்த நாளில் வீடு எப்படி இருந்தது என்பதை அது நிரூபிக்காது. ஆனால் இன்றைக்குள்ள குறைகளில் எவை முன்பே இருந்தவை என்று நீங்கள் எழுதுவதை, வீட்டுக்காரருக்கும் ஞாபகம் இருக்கும்போதே அவர் முன் வைக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் இதற்கு மிகப் பொருத்தமானது. பதினோரு மாதம் முடிந்து புது ஒப்பந்தம் எழுதும்போது அந்தப் பட்டியலை அதன் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் இருவரும் கையெழுத்திட்டுவிட்டால், அன்றைய நிலைக்கு இருவரும் சாட்சியாகிவிடுவார்கள். பின்னால் வரும் கணக்கை அந்த நாளிலிருந்து பேசலாம்.